கிளச்சை மிதித்தாலும் ‘மிதி’ என்று காட்டும் கார்: எஞ்சின் சுற்றாவிட்டால் எங்கிருந்து பார்ப்பது

மனுவல் கியர் காரில் ஏறி, கிளச்சை அடிவரை மிதித்து, ஸ்ராட் பொத்தானை அழுத்துகிறீர்கள். எஞ்சின் சுற்றவில்லை. டாஷ்போட்டில் Press clutch pedal to start என்றோ Depress clutch to start என்றோ ஒரு வரி வருகிறது. சில கார்களில் எழுத்து இராது, பெடலும் பாதமும் போட்ட சின்னப் படம் மட்டும் எரியும். இந்தக் குறையோடு எங்கள் கராஜுக்கு வரும் பலர் ஏற்கெனவே ஒரு பற்றரியை மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். புதுப் பற்றரி போட்டும் அதே வரிதான் நிற்கிறது. பற்றரியின் விலையைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை, ஏனென்றால் அந்த வரி பற்றரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கிளச் பெடல் அடிவரை போன செய்தி இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. பெடல் உண்மையிலேயே அடிவரை போயிருக்கலாம். ஆனால் காரின் கணினிக்கு உங்கள் கால் தெரியாது. பெடல் தொங்கும் இரும்புத் தாங்கியில், டாஷ்போட்டுக்குக் கீழே இருட்டுக்குள், விரல் நீளத்தில் ஒரு சுவிச் இருக்கிறது. பெடல் கடைசிவரை இறங்கும்போது பெடலின் கை அந்தச் சுவிச்சின் முனையை உள்ளே தள்ளும். அப்போது சுவிச்சுக்குள் இணைப்பு விழும், கணினி ஸ்ராட்டருக்கு அனுமதி கொடுக்கும். கியரில் நிற்கும் கார் ஸ்ராட் பண்ணியவுடன் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. திறப்பு போட்டுத் திருப்பும் பல கார்களிலும் இதே சுவிச் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலும் எழுத்து வராது, திறப்பைத் திருப்பினால் சத்தமே இல்லாமல் இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் கையை அல்ல, கண்ணைப் பாவியுங்கள். கிளச்சை மிதிக்கும்போது அந்த வரி மறைகிறதா, அப்படியே நிற்கிறதா? நின்றால் குறை பெடலுக்கும் சுவிச்சுக்கும் அதன் வயருக்கும் இடையில்தான். மறைந்தும் எஞ்சின் சுற்றவில்லை என்றால் கிளச் பக்கம் பெரும்பாலும் சரி, பார்க்க வேண்டியது ரிலே, பற்றரி, ஸ்ராட்டர். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த நட்டையும் கழற்ற வேண்டாம். சில கார்கள் கிளச்சோடு பிரேக்கையும் மிதிக்கச் சொல்லும். வரியை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். பிரேக் என்று இருந்தால், பின்னால் ஓர் ஆளை நிறுத்தி பிரேக் லைற் எரிகிறதா என்று கேளுங்கள். எரியாவிட்டால் முதலில் அதன் பியூஸும் பிரேக் சுவிச்சும்.

வரி மறையாமல் நின்றால்

முதலில் கால் விரிப்பு. சிரிக்க வேண்டாம், இது அடிக்கடி நடக்கிறது. கம்பனி விரிப்புக்கு மேல் தடித்த றப்பர் விரிப்பு ஒன்று, மழைக்காலத்தில் அதற்கும் மேல் ஒரு சாக்கு அல்லது பழைய பேப்பர். மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்துக் கார்களில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. பெடல் அடியில் விரிப்பில் முட்டி நிற்கும். கடைசி ஒரு சென்ரிமீற்றர் போகாவிட்டால் சுவிச்சின் முனை முழுக்க உள்ளே போகாது. விரிப்பு எல்லாவற்றையும் இழுத்து எடுத்துவிட்டு, சீற்றை இரண்டு பல் முன்னுக்குத் தள்ளி, முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி உட்கார்ந்து திரும்ப மிதியுங்கள். வரி மறைந்து எஞ்சின் சுற்றினால் வேலை முடிந்தது. அந்தத் தடித்த விரிப்பை ஓட்டுநர் பக்கம் இனிப் போடாதீர்கள். அவசரத்தில் பிரேக் பெடலுக்கும் அது ஆபத்து.

அப்படியும் வரி நின்றால், விரிப்பை வெளியே உதற முன் அதன் மேல் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பெடல் கையில் சுவிச் முனை படும் இடத்தில் ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையில் றப்பராலோ பிளாஸ்ரிக்காலோ ஆன சின்னப் பொத்தான் ஒன்றை அழுத்திச் செருகியிருப்பார்கள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். இரும்பும் சுவிச்சும் நேராக முட்டிச் சத்தம் போடாமலும் தேயாமலும் இருக்க அது. எல்லாக் கார்களிலும் இல்லை, ஆனால் ஜப்பான், கொரிய, இந்தியக் கார்கள் பலவற்றில் இருக்கிறது. வருடக்கணக்காக வெயிலில் நிற்கும் காருக்குள் அந்தப் பொத்தான் வறண்டு, ஒருநாள் பிஸ்கட் மாதிரி நொறுங்கி விழும். பிறகு பெடல் இறங்கும்போது சுவிச்சின் முனை தள்ளப்படாது, அந்த ஓட்டைக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் போய்விடும். சுவிச் நல்லது, வயர் நல்லது, பற்றரி நல்லது. ஆனால் கணினியைப் பொறுத்தவரை கிளச்சை யாரும் மிதிக்கவில்லை.

சுண்ணாகச் சந்தைக்குப் பக்கத்தில் நின்றுபோன ஒரு காரை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். சிறிய கார், பொத்தான் ஸ்ராட். ஓட்டி வந்தவர் ஓர் ஆசிரியை. நான் போனபோது இரண்டு காலையும் பெடலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். “தம்பி, நான் முட்ட மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், பிறகும் மிதி மிதி எண்டு எழுத்து வருது” என்றார். அருகில் நின்ற ஒருவர் ஸ்ராட்டர் மோட்டர் போய்விட்டது என்று முடிவே சொல்லிவிட்டார். ஹோர்ன் உரத்து அடித்தது, ஹெட்லைற் வெள்ளையாக எரிந்தது, மீற்றரை வைத்தால் பற்றரியில் 12.5 வோல்ற். பொத்தானை அழுத்தும்போது பொனற்றுக்குள் ஒரு சின்ன ‘டிக்’ கூட இல்லை, வரியும் அசையவில்லை. ஸ்ராட்டர் பழுதாக இருந்தால் வரி மறைந்துவிட்டுத்தான் சுற்றாமல் நின்றிருக்கும். ஆகவே பொனற்றை மூடிவிட்டு, கதவைத் திறந்து தரையில் முழங்கால் ஊன்றி, போன் ரோச்சை அடித்துப் பார்த்தேன். கால் விரிப்பின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் மூன்று நான்கு பிளாஸ்ரிக் துண்டுகள். கையில் எடுத்து நசித்தால் பொடியாகியது. மேலே பார்த்தால் பெடல் கையில் வெறும் ஓட்டை, அதற்கு நேரே சுவிச்சின் முனை.

உறுதிப்படுத்துவது சுலபம். கியரை நியூட்ரலில் விட்டு ஹான்ட்பிரேக்கை இழுத்தேன். அவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, நான் விரலால் அந்த முனையை உள்ளே தள்ளிப் பிடித்தேன். எஞ்சின் உடனே சுற்றி ஸ்ராட் ஆனது. குறை அந்த ஓட்டைதான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் இந்தச் சோதனையைக் கியர் நியூட்ரலில் இருப்பதைக் கையால் ஆட்டிப் பார்த்து நிச்சயப்படுத்தாமல் செய்யவே கூடாது. உங்கள் தலை பெடலுக்குக் கீழே, கால்கள் கதவுக்கு வெளியே இருக்கும். கார் ஓர் அடி பாய்ந்தாலும் பாய்ந்ததுதான். முன் ரயருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கல்லு வைத்துவிடுங்கள்.

திருத்துவதற்குப் புதுப் பொத்தான் போதும். பழைய துண்டுகளையும் பெடல் கை ஓட்டையின் படத்தையும் ஸ்பெயார்பாட்ஸ் கடைக்குக் கொண்டுபோனால் தேடித் தருவார்கள். ஒரே பொத்தான் பல மொடல்களுக்குப் பொருந்தும். கடையில் இல்லாத நாளில் நாங்கள் செய்வது, அந்த ஓட்டைக்கு அளவான, தட்டைத் தலையுள்ள கட்டைப் போல்ட் ஒன்றை சுவிச் பக்கம் தலை வரும்படி போட்டு, மறுபக்கம் வாசரும் நைலோன் நட்டும் இறுக்குவது. சாதாரண நட்டுப் போட்டால் அதிர்வில் கழன்று பெடல்களுக்குக் கீழே விழும், பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. போல்ட்டின் தலை தடிப்பாக இருந்தால் பெடல் முன்கூட்டியே சுவிச்சின் உடம்பில் முட்டி நிற்கும். அப்போது கிளச் முழுக்க விடாது, முதல் கியர் கரகரத்து விழும். போட்டபின் எஞ்சின் ஓடும்போது ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீதிக்கு இறக்க வேண்டும். ஆசிரியையின் காரில் அன்று போல்ட்தான் போட்டோம், புதுப் பொத்தான் வந்தபின் மாற்றினோம்.

பல கார்களில் பெடலில் இரண்டு சுவிச் இருக்கும், பிழையானதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கால் எடுத்த நிலையில் பெடல் போய் முட்டும் மேல் சுவிச் ஒன்று. பெடலைச் சற்று அமத்தியவுடன் அது மாறும், குரூஸ் கொன்ரோல் போன்றவற்றுக்கு. மற்றது பெடல் அடிவரை போகும்போது மட்டும் தொடுவது, ஸ்ராட்டுக்கு அதுதான். ஓர் ஆள் மெதுவாகப் பெடலை இறக்க, நீங்கள் ரோச் அடித்துப் பார்த்தால் எது எதுவென்று உடனே தெரியும். ஸ்ராட்டுக்கும் மேல் சுவிச்சையே பாவிக்கும் கார்களும் உண்டு. அவற்றில் பொத்தான் நொறுங்கினால் குறை தலைகீழாக வரும்: கிளச்சை மிதிக்காமலே ஸ்ராட் ஆகும். வசதிதானே என்று இதை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள், பாதுகாப்பு இல்லாத கார் அது.

பொத்தான் நன்றாக இருந்தால் அடுத்தது சுவிச்சின் பிளக். றேடியோ, அலாரம் பூட்டியவர்கள் கைபட்டு அரைகுறையாகக் கழன்றிருக்கும். அல்லது வெள்ளத்தில் நின்ற காரில் பின்கள் பச்சை பூத்திருக்கும். கழற்றி, பார்த்து, ‘கிளிக்’ என்று சத்தம் வரும்வரை திரும்பச் செருகுங்கள். சுவிச்சைச் சோதிக்க மல்ரிமீற்றரை ஓம் அளவில் அல்லது சத்தம் போடும் அளவில் வையுங்கள். பிளக்கைக் கழற்றி, இரண்டு பின் சுவிச் என்றால் இரண்டிலும் மீற்றரின் முனைகளை வைத்து, சுவிச் முனையை விரலால் தள்ளுங்கள். பெடல் அடிவரை போகும்போது தொடும் சுவிச் என்றால், தள்ளும்போது கிட்டத்தட்ட 0 ஓம், விடும்போது இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். தள்ளிப் பிடித்திருக்கும்போதே இலக்கம் ஏறி இறங்கினால் உள்ளே தேய்ந்துவிட்டது. ஒருநாள் ஸ்ராட் ஆகும், மறுநாள் ஆகாது என்று வரும் கார்களில் இதைப் பார்த்திருக்கிறேன். சுவிச்சை மாற்றுவதுதான் வழி, விலை பெரிதல்ல.

இரண்டு பின் சுவிச் என்றால் பிளக்கின் இரண்டு பக்கத்தையும் சிறு வயரால் தொடுத்துச் சோதிக்கலாம். நியூட்ரல், ஹான்ட்பிரேக், ரயருக்குக் கல்லு, மூன்றும் இருந்தால் மட்டும். வரி மறைந்தால் குறை சுவிச்சில், மறையாவிட்டால் வயரில் அல்லது அதற்கு அப்பால். மூன்று அல்லது அதற்கு மேல் பின் இருந்தால் தொடுக்கவே வேண்டாம். அது சாதாரணச் சுவிச்சாக இல்லாமல், காந்தத்தால் பெடலின் இடத்தை அறியும் சென்சராக இருக்கலாம். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் அது கிளச் மாஸ்ரர் சிலிண்டரோடு சேர்ந்தே வரும். வயரைத் தொடுத்தால் சின்னக் குறை பெரிய குறையாகும். அதற்கு ஸ்கானர் உள்ள இடத்துக்குப் போங்கள். பெடலை மிதிக்கும்போது ஸ்கானரில் Clutch Switch என்ற வரி OFF-இலிருந்து ON-க்கு மாறுகிறதா என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அந்தத் தொடுத்த வயரை அப்படியே நிரந்தரமாக விட்டுவிடச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. எங்கள் ஊரில் ஹான்ட்பிரேக் பிடிக்காத காரை முதல் கியரில் போட்டு நிறுத்துவது வழக்கம். மதிலுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில், ஓர் ஆள் நடக்கும் இடைவெளி விட்டுத்தான் கார் நிற்கும். முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள். யாரோ வெளியே நின்றபடி கையை விட்டுத் திறப்பைத் திருப்பினால், ஸ்ராட்டர் மோட்டரின் பலமே காரை முன்னுக்கு இழுத்துவிடும்.

வரி மறைந்தும் எஞ்சின் சுற்றாவிட்டால்

இங்கே காது வேண்டும். பொத்தானை அழுத்தும்போது ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்து டாஷ்போட் வெளிச்சம் மங்கினால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது பற்றரி முனை தளர்ந்திருக்கிறது. ஓய்வில் 12.6 வோல்ற் காட்டினால் நிறைந்த பற்றரி, 12.0-க்குக் கீழே என்றால் இறங்கியது. ஓய்வில் நன்றாகக் காட்டினாலும், அழுத்தும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பற்றரிக்குள் பலமில்லை. முனையில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் முதலில் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, கழற்றிச் சுரண்டி இறுக்கிவிட்டு அளவெடுங்கள்.

ஒரேயொரு கனமான ‘டக்’ சத்தம் வந்து நின்றால் மின்சாரம் ஸ்ராட்டர் வரை போகிறது, மோட்டர் சுற்றவில்லை. மோட்டரைக் கழற்ற முன், எஞ்சினையும் காரின் உடம்பையும் இணைக்கும் ஏர்த் பட்டையைப் பாருங்கள். வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்தில் இருந்து பண்ணைத் தாம்போதியால் தினமும் வரும் கார்களில் கடல் காற்றின் உப்பு இதைத்தான் முதலில் தின்கிறது. மேலே நல்ல பட்டை, உள்ளே பச்சைத் தூள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவில், மறு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வைத்து, ஆளைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பட்டையை மாற்றுங்கள். ஸ்ராட்டர் பெரும்பாலும் அதோடு சுற்றும்.

சத்தமே இல்லை என்றால் ரிலே. பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ST அல்லது STARTER என்று போட்டிருக்கும். அதே அளவு, அதே இலக்கம் உள்ள ஹோர்ன் ரிலேயைக் கழற்றி அந்த இடத்தில் செருகிப் பார்ப்பதுதான் மிகச் சுலபமான சோதனை. அதிலும் அசையாவிட்டால் ஸ்ராட்டரின் மெல்லிய வயரில், அதாவது 50 என்று குறிக்கும் முனையில், பொத்தானை அழுத்தும்போது 10 வோல்ற்றுக்கு மேல் வருகிறதா என்று அளவெடுங்கள். வந்தால் குறை ஸ்ராட்டரில், வராவிட்டால் அதற்கு முன்னால் உள்ள வயரில். நெடுநாள் நிறுத்தி வைத்திருந்த கார் என்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள். மரத்துக்குக் கீழே நிற்கும் கார்களுக்கு இது சர்வசாதாரணம்.

டாஷ்போட்டில் திறப்புப் படம் சிமிட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. திறப்பைக் காருக்கு அடையாளம் தெரியவில்லை. ரிமோட் பற்றரி இறங்கியிருந்தால், ரிமோட்டைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பல கார்கள் அப்படி ஏற்றுக்கொள்ளும்.

வீதியில் நின்றுவிட்டால்

மனுவல் காருக்கு ஒரு வழி எப்போதும் இருக்கிறது, யாழ்ப்பாணத்தின் சமதரையில் இரண்டு பேர் போதும். திறப்புக் கார் என்றால் திறப்பை ON-இல் விடுங்கள். பொத்தான் கார் என்றால் கிளச்சையும் பிரேக்கையும் தொடாமல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பல கார்களில் டாஷ்போட் முழுக்க எரியும். பிறகு கிளச்சை மிதித்து இரண்டாம் கியர் போட்டு, தள்ளச் சொல்லி, ஓடும் நடை வேகம் வந்ததும் கிளச்சைச் சடக்கென்று விட்டு உடனே மிதியுங்கள். கிளச் சுவிச்சும் ஸ்ராட்டரும் எப்படி இருந்தாலும் எஞ்சின் பிடிக்கும், ஏனென்றால் இந்த வழியில் அவை இரண்டுக்கும் வேலை இல்லை. எஞ்சின் பிடிக்குமுன் பிரேக்கும் ஸ்ரியரிங்கும் பாரமாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம், சந்தியில் வைத்துத் தள்ளாதீர்கள். திறப்புப் படம் சிமிட்டும் காரையும், டாஷ்போட்டே எரியாத அளவுக்குப் பற்றரி செத்த காரையும் தள்ளிப் பயனில்லை. பிடித்த பிறகு பெற்றோல் செட்டுக்குப் போக வேண்டாம், அங்கே எஞ்சினை நிறுத்த வேண்டிவரும். நேரே வீட்டுக்கோ கராஜுக்கோ விடுங்கள்.